ஒரே தொகை, இரண்டு வட்டி

ஒரு ஹார்டுவேர் கடையை இரண்டு பேர் கூட்டாக நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லாபத்தில் ஆளுக்குப் பாதி. கடைப் பணத்தில் சொந்தச் செலவுக்கு யார் எடுத்தாலும் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். 2025 மார்ச் 31 அன்று ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது, இருவரின் பற்றும் சரியாக 2,10,000 ரூபாயில் நிற்கிறது. ஆனால் கணக்குப்பிள்ளை மூத்தவருக்கு 10,150 ரூபாயும் இளையவருக்கு 12,600 ரூபாயும் வட்டி போட்டிருக்கிறார். ஒரே தொகைக்கு இரண்டு வட்டி எப்படி என்று இளையவர் கேட்பார். நியாயமான கேள்விதான். அவர் மாதாமாதம் அளவாக எடுத்தவர். மூத்தவரோ ஒரே நாளில் 75,000 ரூபாய்கூட எடுத்திருக்கிறார்.

வித்தியாசம் தேதியில் இருக்கிறது.

இளையவரின் கணக்கு எளிது. ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி 17,500 ரூபாய் எடுத்தார். ஏப்ரலில் எடுத்தது ஆண்டு முடிவு வரை பதினொன்றரை மாதம் வெளியே இருந்தது. மார்ச்சில் எடுத்தது அரை மாதம் மட்டும். பன்னிரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் சரியாக 6 மாதம் வரும். அதனால் 2,10,000 ரூபாய்க்கு ஆறு மாத வட்டி, அதாவது 12,600 ரூபாய். இதே தொகையை அவர் மாதத்தின் முதல் நாளில் எடுத்திருந்தால் சராசரி ஆறரை மாதம், கடைசி நாளில் எடுத்திருந்தால் ஐந்தரை மாதம். இந்தச் சுருக்குவழிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: ஒவ்வொரு முறையும் தொகை ஒன்றாக இருக்க வேண்டும், இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூத்தவரிடம் இரண்டும் இல்லை. தேவை வந்தபோது தேவைப்பட்டதை எடுத்தவர் அவர். மே 1இல் வீட்டுச் செலவுக்கு 20,000. ஜூலை 1இல் தன் வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கடையிலிருந்தே பெயின்ட் டப்பாக்கள், அடக்க விலையில் 15,000. செப்டம்பர் 30இல் மகளின் கல்லூரிக் கட்டணம் 60,000. அக்டோபர் 31, தீபாவளியன்று 30,000. பிப்ரவரி 1இல் ஒரு கல்யாணச் செலவுக்கு 75,000. மார்ச் 31இல் 10,000. இப்படி ஏறுக்குமாறாக எடுத்தவருக்கு ஆறு மாதச் சராசரியைப் போட்டால், அது அவர் கணக்காக இருக்காது. இங்கேதான் பெருக்குத்தொகை முறை வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒவ்வொரு தொகையையும், அதை எடுத்த நாளிலிருந்து ஆண்டு முடிய எத்தனை மாதம் இருக்கிறதோ அதனால் பெருக்க வேண்டும். மே மாதத்து 20,000 ரூபாய் 11 மாதம் வெளியே இருந்தது, பெருக்கினால் 2,20,000. பெயின்டுக்கு 9 மாதம், 1,35,000. கல்லூரிக் கட்டணத்துக்கு 6 மாதம், 3,60,000. தீபாவளிப் பணத்துக்கு 5 மாதம், 1,50,000. கல்யாணப் பணத்துக்கு 2 மாதம், அதுவும் 1,50,000. கடைசி நாளில் எடுத்த 10,000 ரூபாய்க்குக் காலமே இல்லை, பெருக்கினால் பூஜ்யம். எல்லாம் சேர்ந்து 10,15,000.

இந்தப் பத்து லட்சத்துப் பதினைந்தாயிரத்தைப் பார்த்து மிரள வேண்டாம். அவ்வளவு பணம் யாரும் எடுக்கவில்லை. மூத்தவர் ஆண்டு முழுக்க எடுத்ததெல்லாம், 10,15,000 ரூபாயை ஒரே ஒரு மாதம் வைத்திருந்ததற்குச் சமம் என்பதுதான் அதன் பொருள். ஆகவே அதற்கு ஒரு மாத வட்டி போட்டால் போதும். ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாதத்துக்கு 1 சதவீதம். வட்டி 10,150 ரூபாய். அவர் பெரிதாக எடுத்த 75,000 இரண்டு மாதம்தான் வெளியே இருந்தது. அதில் பாதிகூட இல்லாத தீபாவளிப் பணம் ஐந்து மாதம் இருந்து, அதே பெருக்குத்தொகையைக் கொடுத்துவிட்டது.

கணக்கு சரிதானா என்று பார்க்க ஓர் அருமையான வழி இருக்கிறது. தனித்தனித் தொகையை விட்டுவிட்டு, மொத்தப் பற்று எந்த அளவில் எத்தனை மாதம் நின்றது என்று பார்க்கலாம். மே, ஜூன் இரண்டு மாதம் 20,000, அடுத்த மூன்று மாதம் 35,000, அக்டோபரில் 95,000, பிறகு மூன்று மாதம் 1,25,000, பிப்ரவரி, மார்ச்சில் 2,00,000. இவற்றைப் பெருக்கிக் கூட்டினாலும் அதே 10,15,000 வரும். வரவில்லையென்றால் எங்கோ ஒரு மாதம் தவறியிருக்கிறது.

பெரும்பாலும் தவறுவது மாதத்தை எண்ணுவதில்தான். செப்டம்பர் 30இல் எடுத்த பணத்துக்கு, செப்டம்பரையும் சேர்த்து 7 மாதம் என்று போட்டுவிடுவார்கள். அந்த ஒரு வரியில் மட்டும் 600 ரூபாய் கூடிவிடும். இன்னொரு பிழை, பெருக்குத்தொகைக்கு ஓராண்டு வட்டியைப் போட்டு, பன்னிரண்டால் வகுக்க மறப்பது. வட்டி 1,21,800 ரூபாய் என்று வந்து நிற்கும். எடுத்த பணத்தில் பாதிக்கு மேல் வட்டி என்பதிலிருந்தே பிழை தெரிந்துவிடும். மாத நடுவில் கண்ட கண்ட தேதிகளில் எடுப்பவர்களுக்கு நாள் கணக்கே நல்லது. தொகையை நாட்களால் பெருக்கி, கூட்டி வந்ததற்கு ஒரு நாள் வட்டி. கல்லூரிக் கட்டணத்துக்கு 182 நாள். வட்டி 3,590 ரூபாய். மாதக் கணக்கில் அது 3,600. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் இருவருக்கும் ஒரே முறையைத்தான் கையாள வேண்டும்.

எந்த முறையாலும் பிடிக்க முடியாதது, எழுதாமல் விட்ட பற்று. ஜூலையில் தூக்கிச் சென்ற பெயின்டை மார்ச்சில் நினைவு வந்து எழுதினால், 1,350 ரூபாய் வட்டி காணாமல் போகும். கடைக் கணக்கிலிருந்து கட்டிய சொந்த இன்ஷூரன்ஸ் பிரீமியமும் இப்படித்தான் கடைச் செலவோடு கலந்துவிடும்.

ஒப்பந்தத்தின் வாசகத்தையும் பார்க்க வேண்டும். இந்தக் கடையில் ‘ஆண்டுக்கு 12 சதவீதம்’ என்று தெளிவாக இருக்கிறது. பற்றுக்கு வட்டி என்ற பேச்சே ஒப்பந்தத்தில் இல்லையென்றால், கூட்டாளியிடம் வட்டி கேட்க முடியாது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் அப்படி ஒரு வட்டியைத் தானாகக் கொண்டுவருவதில்லை.

இளையவரின் கேள்விக்கு இன்னொரு பாதிப் பதில் பாக்கி இருக்கிறது. அவர் கட்டும் 12,600 ரூபாயை விழுங்க வெளியாள் யாரும் இல்லை. இருவரின் வட்டியும் சேர்ந்த 22,750 ரூபாய், பகிர வேண்டிய லாபத்தோடு சேர்கிறது. அதில் ஆளுக்கு 11,375 திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்தால் இளையவருக்கு 1,225 ரூபாய் குறைவு, மூத்தவருக்கு அதே அளவு கூடுதல். இருவருக்கும் சராசரியே போதும் என்று விட்டிருந்தால் ஆளுக்கு 12,600 கட்டி, 12,600 திரும்ப வாங்கியிருப்பார்கள். பணத்தை அதிக காலம் வைத்திருந்தவர் யார் என்பது கணக்கில் வந்தே இருக்காது. லாபப் பங்கு பாதிக்குப் பாதியாக இல்லாமல் மூத்தவருக்கு மூன்று, இளையவருக்கு இரண்டு என்றிருந்தால், இதே பற்றுகளுக்கு அந்த 1,225 ரூபாய் 3,500 ஆகியிருக்கும்.