கை, கால் வீக்கம்: டேப்பும் சோப்பும் செய்யும் வேலை

மார்பகப் புற்றுக்கு அறுவை சிகிச்சை செய்து, கதிர்வீச்சும் முடிந்து, வேலைக்குத் திரும்பிய பெண்ணுக்குச் சில மாதங்கள் கழித்து ஒரு கை மட்டும் கனக்கத் தொடங்கலாம். சேற்றில் நின்று வேலை செய்பவருக்குக் காலில் இரண்டு மூன்று முறை அக்கி போலச் சிவந்து காய்ச்சல் வந்து போன பின், அந்தக் கால் மட்டும் பழைய அளவுக்குத் திரும்பாமல் நின்றுவிடலாம். இரண்டும் ஒரே கோளாறுதான். மருத்துவர்கள் இதை நிணநீர் வீக்கம் என்கிறார்கள்.

ரத்தக் குழாய்களிலிருந்து தசைகளுக்கு இடையே கசியும் நீரில் ஒரு பகுதியை, அதில் கலந்த புரதத்தோடு சேர்த்து, மெல்லிய நிணநீர்க் குழாய்கள் திரும்ப எடுத்துச் செல்கின்றன. வழியில் அக்குளிலும் தொடை இடுக்கிலும் உள்ள கணுக்கள் அதை வடிகட்டுகின்றன. புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்க அக்குள் கணுக்களை எடுத்தாலோ, கிருமித் தொற்று இந்தக் குழாய்களைத் தழும்பாக்கினாலோ, நீர் தங்கிவிடுகிறது. தங்கும் நீரில் புரதம் இருப்பதால் நாளடைவில் அங்கே கொழுப்பும் நாரும் வளர்ந்து தோல் கெட்டிப்படுகிறது. சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை நீரை மட்டுமே குறைக்கும், புரதத்தை எடுக்காது. அதனால்தான் அந்த மாத்திரை இந்த வீக்கத்துக்குப் பயன்படுவதில்லை.

அக்குள் கணுக்களை முழுமையாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வரும். ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்தவர்களுக்கு வாய்ப்பு இதைவிட மிகக் குறைவு.

வீக்கத்துக்கு முன்னே வரும் அடையாளம்

கண்ணுக்குத் தெரியும் முன்பே கை சொல்லிவிடும். கை கனக்கும், தோல் இழுத்துப் பிடிக்கும், வழக்கமான வளையலும் மோதிரமும் இறுகும், ஜாக்கெட் கை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். காலானால் செருப்பு வார் பதிந்த தடம் மாலையில் ஆழமாகத் தெரியும். இந்தக் கட்டத்தில் இரவு உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வீக்கம் வடிந்துவிடும். அப்படி வடிவதால்தான் பலரும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போடுகிறார்கள். சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் காலமும் இதுதான்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை: கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பகுதியில், மேல்பக்கத் தோலைக் கிள்ளி உயர்த்திப் பாருங்கள். தோல் தடித்து, கிள்ள வராவிட்டால் நிணநீர் வீக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கையிலும் விரலடியில் இப்படிப் பார்க்கலாம். கிள்ள வருவதாலேயே வீக்கம் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. தொடக்கத்தில் தோல் மென்மையாகவே இருக்கும்.

அளவு சொல்லும் கணக்கு

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் ஒரு பெண்ணை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வலது பக்க மார்பில் அறுவை சிகிச்சை. அதற்கு முன்பே தையல் டேப்பால் முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. கீழே அளந்து எழுதி வைத்தார்: வலது 23 செ.மீ., இடது 22.5. வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு அந்தக் கை சற்றுப் பெரிதாக இருப்பது இயல்பு. எட்டாவது மாதம் அதே இடத்தில் வலது 25, இடது மாறாமல் 22.5. இரு கைக்கும் வித்தியாசம் 2.5 செ.மீ. ஆனாலும் அதில் அரை செ.மீ. முன்பே இருந்தது. உண்மையில் ஏறியது 2 செ.மீ. மருத்துவர்கள் பொதுவாக நிணநீர் வீக்கம் என்று எடுத்துக்கொள்ளும் அளவு இது. முதல் அளவு இல்லாதிருந்தால் இந்தக் கணக்கே போட்டிருக்க முடியாது.

மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், முழங்கைக்கு மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ., மணிக்கட்டு என மூன்று இடத்தில் இரு கைகளையும் அளந்து நோட்டில் எழுதினால் போதும். டேப்பை இறுக்காமல் தோலில் படிய வைக்க வேண்டும். ஒரு செ.மீ. ஏறி அப்படியே நின்றாலும் அந்த நோட்டோடு மருத்துவரைப் பார்க்கலாம்.

தோல் கிழியாமல் காப்பது

வீங்கிய கையிலும் காலிலும் கிருமியை எதிர்க்கும் வலு குறைவு. கூண்டுக் கம்பி கீறிய சின்னக் காயம், கோழி கொத்தியது, கால் விரலிடுக்குச் சேற்றுப்புண் என எதன் வழியாகவும் தொற்று நுழையும். ஒவ்வொரு தொற்றும் மிச்சமிருக்கும் குழாய்களில் சிலவற்றை அழிக்கும். அதனால் வீக்கம் படிப்படியாக ஏறும். இந்தச் சுழலை அறுப்பதுதான் அன்றாடப் பராமரிப்பின் முதல் வேலை.

தினமும் சோப்பும் வெதுவெதுப்பு இல்லாத சாதாரணத் தண்ணீரும் கொண்டு கழுவி, விரலிடுக்குகளைப் பருத்தித் துணியால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். இடுக்கு வெளுத்து ஊறியிருந்தால் மருத்துவர் சொல்லும் பூஞ்சைக் களிம்பு. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். பண்ணை வேலைக்கு முழுக்கைச் சட்டையும் கையுறையும், வயலுக்குக் காலை மூடும் பூட்ஸும் உதவும்.

யானைக்காலும் நிணநீர் வீக்கம்தான். அந்த நோயாளிகளிடம் இந்தியா, இலங்கை, மாலி நாடுகளில் நடந்து 2024இல் வெளியான ஆய்வுகளில் ஒரு தரப்புக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையும், மறு தரப்புக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். இரு தரப்புக்கும் கழுவிப் பராமரிக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். மாத்திரை கூடுதல் பலன் தரவில்லை. காய்ச்சலோடு வரும் தாக்குதல்கள் இரு தரப்பிலும் குறைந்தன.

கட்டும் உறையும்

வீக்கத்தை இறக்குவது அழுத்தம். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் பஞ்சு வைத்து, அதிகம் இழுபடாத கட்டுத்துணியைப் பல அடுக்காகச் சுற்றுவார். விரல் பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். மருந்துக்கடை கிரேப் பேண்டேஜை வீட்டில் சுற்றினால் ஓரிடத்தில் கயிறுபோல இறுகி, அதற்குக் கீழே இன்னும் வீங்கும். சில வாரத்தில் அளவு இறங்கி நிலைத்ததும், அளவெடுத்து வாங்கிய அழுத்த உறையைக் காலையில் மாட்டி இரவில் கழற்றலாம். ஏறக்குறைய ஆறு மாதத்தில் அதன் இழுவை தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். நீண்டநாள் சர்க்கரை உள்ளவருக்கு முதலில் காலின் ரத்த ஓட்டத்தைச் சோதிக்க வேண்டும். கட்டிய பின் விரல் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும்.

சுளுக்கு எடுப்பதுபோல அழுத்தி நீவக் கூடாது. நிணநீர் மசாஜ் தோலை மட்டும் மெல்ல நகர்த்துவது. கற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

‘அந்தக் கையால் குடம் தூக்காதே’ என்பார்கள். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கை வீங்கியிருந்த மார்பகப் புற்று நோயாளிகள் அழுத்த உறை அணிந்து, மேற்பார்வையில் சிறு எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டித் தூக்கினார்கள். வீக்கம் அதனால் கூடவில்லை, திடீர் ஏற்றங்களும் குறைந்தன. ஆகவே வேலையை விட வேண்டியதில்லை. திடீரென்று பெரும் சுமையைத் தூக்குவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, கையோ காலோ சிவந்து சூடாக வலித்தால் அது தொற்று. அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். வலி தணியும் வரை கட்டும் உறையும் மசாஜும் நிறுத்தி, உயர்த்தி வைத்து ஓய்வு. ஆண்டில் பலமுறை வந்தால் நீண்டநாள் பென்சிலின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் ஓரிரு நாளில் வலியோடு வீங்கினால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அதுவும் அவசரமே. இரு கால்களும் சேர்ந்து வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரலைச் சோதிக்க வேண்டும். புற்று சிகிச்சை முடிந்த பக்கத்துக் கை திடீரென வலியும் மரப்புமாக வீங்கினால், புற்று திரும்பவில்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும்.

சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அளவு நோட்டை எடுத்துச் செல்லுங்கள். அடிக்கடி பயணம் செய்ய முடியாதவர்கள், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வீட்டு பிசியோதெரபி கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், அதற்கு முதல் நாளே இரு கைகளையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.