வீட்டுக்காரர் எழுதும் நற்சான்று

குடியிருந்தவர் வேற்றூர் செல்லுங்கால் வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் நல்லவர், நாணயமானவர், அமைதியானவர் என்ற மூன்று சொற்களே பெரும்பாலும் காணப்படும். அவை பொய்யல்ல, ஆயினும் முன்பின் அறியாத ஒருவர் அவற்றை எங்ஙனம் நம்புவார்? அடைமொழியைச் சோதித்துப் பார்த்தல் அரிது. செயலைச் சோதித்துப் பார்க்கலாம்.

புதிய வீட்டுக்காரர் அறிய விரும்புவன மூன்றே: வாடகை காலத்தில் வருமா? வீடு கெடாது இருக்குமா? போகுமுன் சொல்லிப் போவாரா? கிராம அலுவலரின் சான்று, ஒருவர் இன்ன பிரிவில் வசித்தவர், நன்னடத்தையுடையவர் என்பதைக் கூறும். வாடகைச் செய்தியை வீட்டுக்காரரே அறிவார்.

யாழ்ப்பாணத்தில் எமது வீட்டில் வாடகைக்கு இருந்த ஆசிரியர் ஒருவர் 2024இல் கண்டிக்கு மாற்றலானார். அவருக்கு நான் எழுதிக் கொடுத்தவை இவை: 2021 யூன் முதல் 2024 செப்டெம்பர் வரை, 40 மாதங்கள், மாதம் 20,000 ரூபா வாடகையில் இருந்தார். 39 மாதங்கள் 5ஆம் திகதிக்குள் பணம் வங்கிக்கு வந்தது. ஒரு மாதம் 19ஆம் திகதி வந்தது. தாமதமாகும் என்பதை அவர் முன்னரே அறிவித்திருந்தார். வீடு விடுவதை இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தந்தார். மின், நீர்க் கட்டண நிலுவை இல்லை. முற்பணம் 60,000 ரூபாவில், உடைந்த யன்னல் கண்ணாடிக்கு 3,500 கழித்து 56,500 திருப்பிக் கொடுத்தேன்.

தாமதமான அந்த ஒரு மாதத்தை விட்டுவிடும்படி வீட்டிலுள்ளோர் கூறினர். நான் இசையவில்லை. குறை ஒன்று வெளிப்படச் சொல்லப்பட்ட இடத்திலேதான் ஏனைய முப்பத்தொன்பதும் நம்பப்படும். அன்றியும், முன்னரே சொல்லிப் பிந்துவது வேறு, ஒளித்துப் பிந்துவது வேறு என்பதை அவ்வொரு வரியே காட்டிற்று.

எழுதாது விட்டவையும் உண்டு. அவருடைய சாதி, சமயம், சம்பளம், வந்துபோன உறவினர் ஆகியவை வாடகைக்குப் புறம்பானவை. "இனியும் தவறாது கொடுப்பார்" என்றும் எழுதவில்லை. கண்டதற்கே சாட்சி சொல்லலாம், வருவதற்குப் பிணை நிற்க இயலாது.

கடிதத்தைப் பெறுவோர்க்கும் ஒரு சொல். தொல்லை தந்தவரை விரைவில் அனுப்பிவிடப் புகழ்ந்தெழுதுவாரும் உளர். நண்பரையே வீட்டுக்காரராக்கி எழுதுவிப்பாரும் உளர். திகதியும் தொகையும் இல்லாத புகழ்ச்சியை ஐயுறுக. கடிதத்திலுள்ள வீட்டு முகவரி, குடியிருந்தவர் பெயருக்கு அங்கு வந்த பழைய தபாலோடு ஒத்திருக்கிறதா எனப் பார்க்க. பின்னர் எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்து, "இவருக்கு மீண்டும் வீடு கொடுப்பீரா?" என்று மட்டும் கேட்க. உண்மையாளர் உடனே விடை சொல்வர். அல்லாதார் சற்றே தயங்குவர்.