மூன்று ட்யூட்டிகளில் சிதறிக் கிடக்கும் வலி

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவரிடம் செவிலியர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “வலி எவ்வளவு இருக்குமா? பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாத வலி. எந்த நம்பர் சொல்வீங்க?” நோயாளி ஏழு என்கிறார், அல்லது நான்கு என்கிறார். அந்த எண் கேஸ் ஷீட்டுக்குள் எங்கோ ஓரிடத்தில் பதிவாகிறது. எங்கே என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

காய்ச்சலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் வுண்டர்லிக் என்ற மருத்துவர் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் உடல் வெப்பத்தை நாள்தோறும் அளந்து கோடாக வரைந்தார். 1868இல் அவருடைய நூல் வந்தபின், படுக்கையின் கால்மாட்டில் காய்ச்சல் வரைபடம் தொங்குவது உலக வழக்கமானது. காய்ச்சல் ஏறுகிறதா, இறங்குகிறதா, மாலையில் மட்டும் வருகிறதா என்பதை மருத்துவர் ஒரு பார்வையில் அறிந்துகொள்கிறார். வலிக்கு அந்த வசதி பல வார்டுகளில் இன்னும் கிடைக்கவில்லை. ஒரு எண் நாடி, ரத்த அழுத்தத்தோடு வைட்டல் சார்ட்டில் இருக்கும். இன்னொன்று செவிலியர் குறிப்பில் வாக்கியமாக இருக்கும். மருந்து கொடுத்த நேரம் மருந்துச் சார்ட்டில். நடக்க வைத்தபோது நோயாளி துடித்த செய்தி பிசியோதெரபிஸ்ட்டின் தாளில். காலை, மதியம், இரவு என ட்யூட்டி மாற மாற, எழுதும் கையும் மாறுகிறது.

இவற்றை ஒரே தாளுக்குக் கொண்டுவந்தால் என்ன தெரியும்? வார்டுகளில் வழக்கமாக நடப்பவற்றைக் கோத்து அமைத்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்த 62 வயதுப் பெண்மணி. எடை 64 கிலோ, கல்லீரல் நன்றாக இருக்கிறது. இரவு 10, காலை 6, பிற்பகல் 2 என எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம் பாராசிட்டமால் நரம்பு வழியாக ஏறுகிறது. வலி மிஞ்சினால் மட்டும் கொடுக்க, எஸ்ஓஎஸ் என்று குறித்து டிரமடால் 50 மில்லிகிராம் எழுதப்பட்டிருக்கிறது. வைட்டல் சார்ட்டில் மூன்று வலி எண்கள் உள்ளன: இரவு 11 மணிக்கு 3, காலை 7 மணிக்கு 2, பிற்பகல் 3 மணிக்கு 2. ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் இந்தத் தாளை மட்டும் புரட்டினால், வலி கட்டுக்குள் இருக்கிறது என்று நினைத்து அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்.

மற்ற தாள்களையும் எடுத்துவைத்து ஒவ்வொரு பதிவையும் ஒரு வரியாக எழுதத் தொடங்குவதுதான் முதல் வேலை. தேதி, நேரம், எண், அசையாமல் இருந்தபோதா அசைந்தபோதா, அப்போது கொடுத்த மருந்து, அளவு, எந்தத் தாளிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். தாள்வாரியாக எழுதிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் நேரப்படி வரிசையாக்க வேண்டும். இதற்கு எக்செல் போதும், கோடு போட்ட நோட்டும் போதும். நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுவது கட்டாயம். பகல் 12:30, இரவு 12:30 என்ற குழப்பம் அதோடு தீரும்.

அந்தப் பெண்மணியின் ஒரு நாள் இப்படி விரிகிறது. இரவு 8:30க்கு வலி 6. 10 மணிக்கு 7, பாராசிட்டமால் ஏறுகிறது, 11 மணிக்கு 3. நள்ளிரவு 2 மணிக்குத் தூங்குகிறார். 4:30க்கு விழித்துக்கொண்டு 6 என்கிறார், டிரமடால் போகிறது. 6 மணிக்கு 4, அடுத்த பாராசிட்டமால், 7 மணிக்கு 2. காலை 10:30க்கு பிசியோதெரபிஸ்ட் முழங்காலை மடக்கும்போது 8. ஐம்பது பாகைக்கு மேல் மடக்க முடியவில்லை. 11 மணிக்கு டிரமடால். அதன்பின் பதிவே இல்லை. பகல் 1:30க்கு அசையாமல் இருக்கும்போதே 5. இரண்டு மணிக்குப் பாராசிட்டமால், 3 மணிக்கு 2. மாலை 4:30க்கு மறுபடி பிசியோதெரபி. இம்முறை வலி 5, முழங்கால் எழுபது பாகை வரை மடங்குகிறது.

வைட்டல் சார்ட்டில் இருந்த மூன்று எண்களும் பொய்யில்லை. மூன்றும் மருந்து ஏறி ஒரு மணி நேரம் கழித்து, வலி மிகக் குறைந்திருந்த வேளையில் எடுத்தவை. நரம்பு வழிப் பாராசிட்டமாலின் வலி தணிக்கும் வேலை ஏறக்குறைய நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குத்தான் நிற்கும். எட்டு மணி நேர இடைவெளியில் கடைசி இரண்டு மணி நேரத்தை அந்தப் பெண்மணி மருந்தின் துணையில்லாமல் கழித்திருக்கிறார். இரவு 8:30, விடியல் 4:30, பகல் 1:30 ஆகிய மூன்று ஏற்றங்களும் அடுத்த டோஸுக்கு முந்தைய வேளைகளில் விழுகின்றன. ட்யூட்டி மாறுவது பகல் 2 மணிக்கும் இரவு 8 மணிக்கும் என்பதால், ஒரு ட்யூட்டியின் கடைசியில் ஏறிய வலிக்கு அடுத்த ட்யூட்டியின் தொடக்கத்தில் மருந்து போகிறது. எந்தச் செவிலியரும் முழு ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதில்லை.

வரைபடமாக்கும்போது நேரத்தைக் கிடைக்கோட்டில் ஒரே சீரான இடைவெளியில் குறிக்க வேண்டும். பதிவு இருக்கும் நேரங்களை மட்டும் அடுத்தடுத்து வைத்தால் நீண்ட மௌனங்கள் மறைந்துபோகும். மேல் பட்டையில் வலி எண்கள்: அசையாதபோது சொன்னதற்கு வெற்று வட்டம், அசைந்தபோது சொன்னதற்கு நிரப்பிய வட்டம். இரண்டையும் ஒரே கோட்டால் இணைக்கக் கூடாது. காலை 10:30இன் 8ஐ, பகல் 1:30இன் 5உடன் கோடிட்டு இணைத்தால் டிரமடால் மூன்று புள்ளி குறைத்தது போலத் தோன்றும். ஆனால் முன்னது முழங்காலை மடக்கியபோது சொன்னது, பின்னது படுத்திருந்தபோது சொன்னது. கழித்துப் பார்க்க அங்கே இடமே இல்லை.

அதன் கீழே மருந்துப் பட்டை. ஒவ்வொரு டோஸும் கொடுத்த நிமிடத்தில் ஒரு செங்குத்துக் கோடு, பக்கத்தில் பெயரும் அளவும். பலன் தெரிய, மருந்துக்கு முன் ஒரு எண்ணும் பின் ஒரு எண்ணும் வேண்டும். நரம்பு வழி மருந்தென்றால் 15இலிருந்து 30 நிமிடத்திலும், வாய்வழி மாத்திரையென்றால் ஒரு மணி நேரத்திலும் மறுபடி கேட்பது பொதுவான வழக்கம். காலை 11 மணி டிரமடாலுக்குப் பின் இரண்டரை மணி நேரம் யாரும் கேட்கவில்லை. ஆகவே அந்த டோஸின் பலன் கட்டத்தில் “தெரியவில்லை” என்றே எழுத வேண்டும். “பலனில்லை” என்று எழுதினால், நல்ல மருந்தொன்று காரணமின்றி நிறுத்தப்படலாம்.

எவ்வளவு குறைந்தால் பலன் என்று சொல்லலாம்? நாள்பட்ட வலி நோயாளிகளை வைத்து 2001இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறக்குறைய இரண்டு புள்ளியோ முப்பது சதவீதமோ குறைந்தால்தான் நோயாளி தமக்கு நன்றாகத் தணிந்ததாக உணர்கிறார் என்று கண்டது. அறுவைக்குப் பிந்தைய வலிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, தோராயமான அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது பட்டையை விட்டுவிடுவது ஆபத்து. டிரமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் வலியைக் குறைப்பதோடு மயக்கத்தையும் தரலாம், மூச்சை மந்தமாக்கலாம். எண் 7இலிருந்து 2க்கு இறங்கியிருக்கும். நோயாளி கேள்விக்கு நடுவிலேயே கண்ணயர்கிறார் என்றால் அது நல்ல செய்தியாக இராது. அதனால் அதே நேரக்கோட்டில் மயக்க நிலையும் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1990களில் வலியை “ஐந்தாவது உயிர்க்குறி” என்று கொண்டாடி, எண்ணைக் கீழே கொண்டுவருவதையே குறியாக்கிக்கொண்டார்கள். ஓபியாய்டுகள் அளவுக்கு மீறி எழுதப்பட அதுவும் ஒரு காரணமானது என்ற விமர்சனம் வலுத்து, 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அந்தப் பெயரைக் கைவிடச் சொன்னது. எண்ணோடு, முழங்கால் எத்தனை பாகை மடங்கியது, எத்தனை அடி நடந்தார், இரவில் தூங்கினாரா என்பதையும் கடைசிப் பட்டையில் எழுதுவது அந்த அனுபவம் தந்த பாடம்.

தொகுக்கும்போது நேரும் பிழைகளைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. மருந்து கொடுப்பதற்கு முன்பே வலி இறங்கியிருப்பதாகப் படம் காட்டினால் நேரத்தைச் சந்தேகிக்க வேண்டும். நள்ளிரவு தாண்டிய பதிவு முந்தைய தேதியில் விழுந்திருக்கும், அல்லது மருந்தைக் கொடுத்த நேரத்துக்குப் பதில் எழுதிய நேரம் பதிவாகியிருக்கும். மூன்று மருந்துகள் ஒரே நிமிடத்தில், அதுவும் ட்யூட்டி முடியும் 7:45க்குக் கொடுத்ததாக இருந்தால், அவை கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதப்பட்டவை. தூங்கியவருக்கு பூஜ்யம் போடுவது இன்னொரு தவறு. அதற்கு “தூக்கம்” என்று தனிக் குறி வேண்டும், எண் இல்லாத இடம் வெற்றிடமாகவே இருக்க வேண்டும். அதேபோல், பேச முடியாத தீவிர சிகிச்சை நோயாளிக்குப் பயன்படும் சிபிஓடி என்ற அளவுகோல் 8இல் முடிகிறது. அதில் வந்த 4ஐ, பத்தில் முடியும் அளவுகோலின் 4உடன் ஒரே கோட்டில் வைக்க முடியாது.

நம் பெண்மணியிடம் திரும்புவோம். மாலை ரவுண்ட்ஸில் இந்தத் தாளைப் பார்க்கும் மருத்துவர், பாராசிட்டமாலை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாக்கி, அடுத்த டோஸை இரவு 9:30க்கு வைக்கலாம். பின் விடியல் 3:30, காலை 9:30, பிற்பகல் 3:30 என வரும். இரண்டு பிசியோதெரபி வேளைகளுக்கும் சரியாக ஒரு மணி நேரம் முன்பு மருந்து ஏறியிருக்கும். ஒரு நாளுக்கு 4 கிராம். பெரியவர்களுக்கு அதுவே உச்சவரம்பு. டிரமடாலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஒன்றில் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். எஸ்ஓஎஸ் மருந்தாக அந்த மாத்திரை வந்துவிட்டால் வரம்பு தாண்டும். எல்லா மருந்தும் ஒரே பட்டையில் இருக்கும்போது இதுவும் உடனே கண்ணில் படும்.

இந்தப் படம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், நோயாளி சொல்லாத எண்ணை அது காட்டாது. “பரவால்ல சிஸ்டர், பொறுத்துக்கிறேன்” என்பதே நம் வீட்டுப் பெரியவர்கள் பலரின் பதில். அவர்களோடு துணைக்கு இருப்பவர்கள் ஒரு சின்னத் தாளில் நேரம், எண், எழுந்து நடந்தபோதா படுத்திருந்தபோதா என்ற மூன்றை மட்டும் குறித்துவைத்து, ரவுண்ட்ஸ் வரும்போது மருத்துவரிடம் நீட்டுங்கள்.