முதலிடத்துக்கு என்ன விலை?

வீடு மாற்றித் தரும் நிறுவனம் ஒன்றின் பெயரை நண்பர் சொல்லிக் கேட்ட ஒருவர், அந்தப் பெயரையே கூகுளில் தட்டுகிறார். மேலே முதலில் வந்து நிற்பது இன்னொரு நிறுவனத்தின் விளம்பரம். கவனிக்காமல் அதையே தொடுகிறார். பெயரைச் சம்பாதித்தவர் ஒருவர். தொலைபேசி அடித்தது வேறொருவர் கடையில்.

இந்தக் குறை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற பெயருக்காக டி.ஆர்.எஸ். லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் கூகுளுக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காடியது. 2023 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒருவருடைய வர்த்தக முத்திரையை விளம்பரத்துக்கான தேடுசொல்லாக வைப்பது அந்த முத்திரையைப் பயன்படுத்துவதுதான். ஆனால் அது ஒன்றினாலேயே உரிமை மீறல் ஆகிவிடாது. பார்ப்பவர் குழம்புகிறாரா என்பது போன்றவற்றையும் பார்க்க வேண்டும். ஆக, உங்கள் பெயரின் மேல் போட்டியாளர் ஏலம் கேட்பதைச் சட்டம் முழுவதுமாகத் தடுத்துவிடாது. உங்கள் பெயருக்கு நீங்களும் ஏலம் கேட்டாக வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது.

அதற்காக கூகுள் ஆட்ஸில் 2018 முதல் இருக்கும் ஏல முறைதான் Target impression share. தேடல் விளம்பரங்களுக்கு மட்டும் உரியது. இதில் விளம்பரதாரர் மூன்று விஷயங்களைச் சொல்கிறார். முதலாவது இடம்: எல்லாவற்றுக்கும் மேலேயா, மேல்வரிசையில் எங்காவதா, பக்கத்தில் எங்கிருந்தாலும் போதுமா? இரண்டாவது, தகுதியுள்ள நூறு தேடல்களில் எத்தனையில் அந்த இடம் வேண்டும்? மூன்றாவது, ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு வரை கேட்கலாம்? இந்த உச்சவரம்பை Maximum CPC bid limit என்ற கட்டத்தில் நிரப்ப வேண்டும். பிறகு ஒவ்வொரு தேடலின்போதும் எவ்வளவு கேட்பது என்பதைக் கூகுளே முடிவு செய்யும்.

ஏலத்தில் தொகை மட்டும் பேசுவதில்லை. தேடியவருக்கு விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது என்பதும் சேர்த்து எடைபோடப்படும். ஒருவர் உங்கள் பெயரைத் தேடும்போது உங்கள் விளம்பரத்தைவிடப் பொருத்தமானது வேறு இருக்காது. அதனால் சொந்தப் பெயருக்கான கிளிக் பொதுவாக மலிவு. இந்த முறை அங்கே நன்றாகப் பொருந்துவதும் அதனால்தான்.

ஆபத்து எங்கே என்றால், இந்த முறை இடத்தைத்தான் வாங்குகிறது, வாடிக்கையாளரை அல்ல. கிளிக் செய்தவர் அழைத்தாரா, முன்பணம் கட்டினாரா என்பதை அது கணக்கில் எடுப்பதே இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று சொல்லிவிட்டால், அந்த எண்ணை எட்டுவது மட்டுமே அதற்கு வேலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் வீடு மாற்றும் நிறுவனத்தின் பெயரை மாதம் 1,000 பேர் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதன் விளம்பரம் 600 முறை உச்சியிலும் 300 முறை அதற்குக் கீழேயும் வருகிறது. கிடைப்பது 360 கிளிக். சராசரி விலை 6 ரூபாய். மாதச் செலவு 2,160 ரூபாய். உரிமையாளர் உச்சி இடம், 95 சதவீதம், உச்சவரம்பு 60 ரூபாய் என்று மாற்றுகிறார். அடுத்த மாதம் விளம்பரம் 950 முறை உச்சியில் நிற்கிறது. கிளிக் 440 ஆகிறது. சராசரி விலை 15 ரூபாய். செலவு 6,600 ரூபாய்.

சராசரியைப் பார்த்தால் 15 ரூபாய் பெரிதாகத் தெரியாது. ஆனால் கூடுதலாக வந்தவை 80 கிளிக். அவற்றுக்காகக் கூடிய செலவு 4,440 ரூபாய். அப்படியென்றால் கூடுதலான ஒவ்வொரு கிளிக்கும் 55 ரூபாய் 50 காசு. நூறு கிளிக்கில் 5 பேர் ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொருவரிடமும் 1,000 ரூபாய் லாபம் நிற்கிறதென்றால், ஒரு கிளிக்கின் மதிப்பு 50 ரூபாய்தான். மொத்தக் கணக்கு லாபமாகத் தெரிந்தாலும், கடைசியாக வாங்கிய எண்பதும் நட்டத்தில் வந்தவை.

விலை ஏன் இப்படி ஏறுகிறது? முதல் 600 தேடல்களில் எதிர்த்து நிற்க வலுவான ஆள் இல்லை. மிச்சம் இருந்தவை போட்டியாளர் கடுமையாகக் கேட்ட தேடல்கள். அவற்றை வெல்ல அவரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அவரும் இதே முறையில் 95 சதவீதம் கேட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். உச்சி இடம் ஒன்றுதான். இருவருக்கும் தொண்ணூற்றைந்து கிடைக்க வழியே இல்லை. இரண்டு பக்கமும் உச்சவரம்பு வரை ஏலம் ஏறும். அந்த வரம்பு தளர்வாக இருந்தால் பணம் அங்கே போய்ச் சேரும்.

அதனால் உச்சவரம்பை முதலில் கணக்கிட வேண்டும்; சதவீதத்தை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். மேலே சொன்ன நிறுவனத்துக்கு 50 ரூபாய்க்கு மேல் வரம்பு வைக்க நியாயமே இல்லை. 20 ரூபாயில் தொடங்கி, மேல்வரிசையில் எங்காவது, 80 சதவீதம் என்று கேட்டாலே பெயர் கண்ணில் படும். வரம்பை மிகக் குறைத்தாலும் இலக்கு எட்டாது. அப்போது எந்தக் காரணத்தால் இடம் போனது என்று பார்க்க வேண்டும். Search lost IS (rank) உயர்ந்தால் ஏலத் தொகையோ பொருத்தமோ போதவில்லை. Search lost IS (budget) உயர்ந்தால் தினச் செலவுத் தொகை தீர்ந்துபோகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

இன்னொரு ஓட்டை தேடுசொல் பட்டியலில் இருக்கிறது. சொந்தப் பெயரோடு ‘வீடு மாற்றும் சேவை’ போன்ற பொதுச் சொற்களையும் ஒரே பிரசாரத்தில் போட்டுவிட்டால், அந்த 95 சதவீதம் அவற்றுக்கும் பொருந்தும். ஊரில் உள்ள எல்லோரும் ஏலம் கேட்கும் சொல்லில் உச்சியைப் பிடிக்கப் பணம் கரையும். பெயருக்கென்று தனிப் பிரசாரம், துல்லியப் பொருத்தம், வாரம் ஒருமுறை Search terms அறிக்கையில் ஒரு பார்வை: இவை மூன்றும் வேண்டும்.

கடைசியாக, விளம்பரமே தேவையா என்ற கேள்வி. பெயரைத் தேடினால் காசில்லாத முடிவுகளில் நீங்களே முதலில் வருவீர்கள். ஈபே 2012-ல் யாஹூ, மைக்ரோசாஃப்ட் தேடல்களில் தன் பெயருக்கான விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தது. போன கிளிக்குகளில் 99.5 சதவீதம் இலவச முடிவுகள் வழியாகவே திரும்பி வந்துவிட்டன. ஈபே எல்லோருக்கும் தெரிந்த பெயர். சிறு நிறுவனத்தின் பெயருக்கு மேலே போட்டியாளர் விளம்பரம் உட்கார்ந்திருந்தால் இதே பலன் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. ஆகவே எதிரே ஆள் இருக்கிறாரா என்பதுதான் தீர்மானிக்கும் கேள்வி.

அதற்கு விடை Auction insights அறிக்கையில் இருக்கிறது. உங்கள் பெயரில் வேறு யார் யார் ஏலம் கேட்கிறார்கள், எத்தனை முறை உங்களுக்கு மேலே நின்றார்கள் என்று அது காட்டும். யாரும் இல்லையென்றால் இரண்டு வாரம் விளம்பரத்தை நிறுத்தி, இலவசமும் விளம்பரமும் சேர்ந்த மொத்த வருகை குறைகிறதா என்று பார்க்கலாம். குறையவில்லையென்றால், இதுவரை தன் வீட்டு வாசலில் நுழையவே வாடகை கட்டியிருக்கிறார் அந்த உரிமையாளர்.