ஸ்பின்னில் ஆடும் டாப் லோடு மெஷின்: துணியா, தரையா, சஸ்பென்ஷனா?

"துவைக்கும்போது அமைதியா இருக்குங்க, ஸ்பின் வந்தா மட்டும் மெஷின் நடந்து கதவுகிட்ட வந்து நிக்குது." தஞ்சாவூர், திருவையாறு, பாபநாசம் பக்கம் சர்வீசுக்குப் போனால் நான் அதிகம் கேட்கிற புகார் இதுதான். உடனே "டிரம் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால் மூன்று இடங்களைப் பார்க்கணும்: உள்ளே இருக்கிற துணி, கீழே இருக்கிற தரை, அப்புறம் சஸ்பென்ஷன். இதே வரிசையில் பாருங்க. முதல் இரண்டுக்கும் காசு செலவு கிடையாது. நான் சொல்வது ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடு மெஷினுக்கு மட்டும்தான். செமி ஆட்டோமேட்டிக்கின் அமைப்பே வேற.

முதலில் உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். தண்ணீர் நிற்கிற வெளி டப் மெஷின் பெட்டியோடு இறுக்கமாக மாட்டியிருக்காது. ஊஞ்சல் மாதிரி, பெட்டியின் நாலு மூலையிலிருந்து நாலு கம்பியில் தொங்கும். அதுதான் சஸ்பென்ஷன் ராடு. ஒவ்வொரு ராடின் அடியிலும் ஒரு ஸ்பிரிங்கும், கிரீஸ் தடவிய பிளாஸ்டிக் கிண்ணமும் இருக்கும். ஸ்பிரிங் எடையைத் தாங்கும். கிண்ணம் உரசி உரசி ஆட்டத்தை அடக்கும். ஆக, ஸ்பின்னில் டப் கொஞ்சம் ஆடுவது இயல்புதான். அது பெட்டியில் போய் இடிக்கிறதும், பெட்டியே நகர்றதும்தான் கோளாறு.

துணி ஒரு பக்கமாக ஒதுங்கினால் எவ்வளவு வேகமாக இழுக்கும்? ஸ்பின் நிமிஷத்துக்கு 700 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி 1 கிலோ ஈரத்துணி அதிகமாக இருந்தால், அது டப்பை சுமார் 137 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். நெல் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிற 40 கிலோ சிப்பம் மூன்றுக்கும் மேலே. அந்த இழுப்பு வினாடிக்கு 12 தடவை திசை மாறி மாறிச் சுற்றி வருது. மெஷின் நடக்காமல் என்ன செய்யும்?

அதனால் ஒரு ஜமக்காளத்தையோ கனமான போர்வையையோ தனியாகப் போடாதீங்க. அது ஒரு பக்கம் சுருண்டு உட்கார்ந்துகொண்டால் ஈடுகட்ட எதிர்ப்பக்கம் ஒன்றும் இருக்காது. கூட நாலு துண்டு போட்டுப் பரப்பிவிடுங்க. எட்டு முழ வேட்டியும் சேலையும் முறுக்கிக் கயிறு மாதிரி ஆகிடும். ஸ்பின்னுக்கு முன்னால் நிறுத்திப் பிரித்துவிட்டாலே பாதி ஆட்டம் போயிடும். சில மெஷின் தானே நின்று, தண்ணீர் விட்டு, துணியைக் கலைத்துப் பார்க்கும். அதுவும் முடியலைன்னா UE மாதிரி ஒரு எழுத்தைக் காட்டும்.

நம்ம பக்கம் ஒரு பழக்கம் இருக்கு. நெல் காயப்போட்ட தார்ப்பாயையும் மழைக்கோட்டையும் மெஷினில் போடுவாங்க. வேண்டவே வேண்டாம். தண்ணீர் அதற்குள்ளேயே பையில் கட்டின மாதிரி நின்றுவிடும், முழு வேகத்தில் திடீர்னு ஒரு பக்கம் சாயும். 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் நிறுவனம் சுமார் 28 லட்சம் டாப் லோடு மெஷின்களைத் திரும்ப அழைத்தது. ஸ்பின்னில் மேல்மூடிப் பகுதியே பிய்ந்து வரக்கூடும் என்பதுதான் காரணம். அப்போது படுக்கை விரிப்பு, பெரிய துணி, தண்ணீர் புகாத துணி இவற்றுக்கு வேகம் குறைந்த சைக்கிளை மட்டும் பயன்படுத்தச் சொன்னார்கள்.

இப்போ தரைக்கு வருவோம். திருவையாறு பக்கத்தில் ஒரு வீடு. ஏழு வருஷம் ஓடின ஆறரை கிலோ மெஷின். புதுசு வாங்கணும்னு ஏற்கனவே ஒருத்தர் சொல்லிட்டுப் போயிருந்தார். அந்த அக்காவுக்கு மனசில்லை. காலியாக ஸ்பின் ஓட்டினேன். லேசான அதிர்வுதான். அதை நம்பி விட்டுவிட முடியாது, ஏன்னா தேய்ந்த ராடு எடை இல்லாதபோது தெரியாமல் இருக்கும். நாலு கிலோ அளவுக்கு ஈரத்துண்டுகளைச் சமமாகப் பரப்பி மறுபடி ஓட்டினேன். மெஷின் ஒரு சாண் நகர்ந்தது.

மெஷின் இருந்தது கொல்லைப்புறத் தாழ்வாரத்தில். தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சாக்கடைப் பக்கம் சரித்துப் போட்டிருந்தார்கள். அதன்மேல் சக்கரம் வைத்த ஸ்டாண்டு, அதன்மேல் மெஷின். நம்ம களிமண் பூமி மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். மேலே போட்ட சிமென்ட் தரை நாளடைவில் இன்னும் கோணலாகிவிடும்.

ஸ்டாண்டை எடுத்துவிட்டு மெஷினைத் தரையிலேயே வைத்தோம். மேலே எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்தினால், தரையைத் தொடாத கால் "டக் டக்"னு காட்டிக்கொடுக்கும். அந்தக் காலைத் திருகி இறக்கணும். பிறகு மூடியின் வளைவில் இல்லாமல், பெட்டியின் விளிம்பில் கொத்தனார் ரசமட்டத்தை இடவலமாகவும் முன்பின்னாகவும் வைத்துப் பார்க்கணும். சரியானதும் காலில் இருக்கிற லாக் நட்டைப் பெட்டியை நோக்கி மேலே இறுக்கணும். இதை விட்டுவிட்டால் பத்து நாளில் கால் தானே கழன்று பழைய கதைதான். காலுக்கு அடியில் மடித்த அட்டை வைக்காதீங்க, ஈரத்தில் நசுங்கிவிடும்.

மெஷின் நடப்பது நின்றது. ஆனால் ஸ்பின் தொடங்கி வேகம் பிடிக்கிற நேரத்தில் டப் பெட்டியில் "தொம் தொம்"னு இடித்தது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கங்க. முழு வேகத்தில் பெட்டி மொத்தமும் அதிர்ந்து நகர்ந்தால், முதலில் தரையையும் கால்களையும் சந்தேகப்படணும். துணி சமமாக இருந்தும், வேகம் குறைவாக இருக்கும்போதே டப் இடித்தால் சஸ்பென்ஷன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, காலி டப்பின் விளிம்பைக் கையால் அழுத்தி விட்டேன். நல்ல ராடு என்றால் மேலே வந்து உடனே நிற்கும். இங்கே மூன்று நாலு தடவை துள்ளியது. டப்பும் சாக்கடைப் பக்கமாகவே ஒதுங்கித் தொங்கியது. கழற்றிப் பார்த்தால் அந்தப் பக்க ராடின் கிண்ணத்தில் கிரீஸ் காய்ந்து பிளாஸ்டிக் தேய்ந்திருந்தது. வருஷக்கணக்காகச் சரிவில் நின்றதால் எடையில் பெரும்பங்கு அந்தப் பக்கமே இறங்கியிருக்கு.

ஒன்று மட்டும் மாற்றினால் போதாதான்னு கேட்டாங்க. போதாது. புது ராடு விறைப்பாகவும் மற்ற மூன்றும் தளர்வாகவும் இருந்தால் டப் மறுபடி சாயும். நாலையும் சேர்த்து மாற்றினோம். மெஷின் மாடல் நம்பரைச் சொல்லி வாங்கணும். சில மாடலில் முன் ராடும் பின் ராடும் வேற வேற, இடம் மாறினால் டப் நேராக நிற்காது. ஒருத்தர் டப்பைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டணும். நாலுக்கும் ஆன செலவு புது மெஷின் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் ஆடினால், டிரம்மின் மேல் விளிம்பில் இருக்கிற பேலன்ஸ் ரிங்கைப் பாருங்க. அதற்குள் உப்புநீர் அடைத்திருப்பார்கள். விரிசல் விட்டு ஒழுகினால் துணி இல்லாமலேயே ஆடும். கூடவே உறுமுகிற சத்தம் வந்தால் பேரிங். அதை வீட்டில் கழற்றாதீங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. அவரிடம் "ஆடுது"ன்னு மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில் ஆடுது, அழுத்தினால் எத்தனை தடவை துள்ளுதுன்னும் சொல்லுங்க.