"அப்பத்தா, கையெழுத்துப் போடும் முன்..." - கிரயப் பத்திரம் பற்றி பாட்டிக்கு ஒரு கடிதம்

வீட்டுக்குத் தெற்கே சும்மா கிடக்கும் மனையை விற்க அப்பத்தா முடிவு செய்தார். வாங்குபவர் தரப்பிலிருந்து கிரயப் பத்திரத்தின் மாதிரி நகல் வந்தது. "நாலு தடவ படிச்சேன், ஒண்ணும் வெளங்கல" என்று போனில் சொன்னார். நகலைப் படித்துவிட்டு அவருக்கு எழுதிய கடிதம் இது.

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

பத்திரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'சர்வ சுதந்திர பாத்தியதையுடன் ஆண்டு அனுபவித்து' என்றெல்லாம் இருப்பது பழைய காலத்து எழுத்து நடை. சொல்ல வருவது ஒன்றுதான்: இந்த இடம் இனி உங்களுடையது இல்லை, வாங்குபவருடையது. 'கிரயம் எழுதிக் கொடுப்பவர்' என்று இருக்கும் இடமெல்லாம் நீங்கள். 'எழுதி வாங்குபவர்' அவர்.

ஆனால் இரண்டு இடத்தில் நான் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். அவற்றைத் திருத்தாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் வட்டம், கடைசிப் பக்கத்தில் 'சொத்து விவரம்' என்ற இடத்தில். உங்கள் பெயரில் மொத்தம் 8 சென்ட். வடக்கே வீட்டோடு 4 சென்ட், தெற்கே காலி மனை 4 சென்ட். விற்பது தெற்கு மனையை மட்டும்தான். பத்திரத்திலும் 4 சென்ட், அதாவது சுமார் 1,742 சதுர அடி என்று சரியாகவே இருக்கிறது. தப்பு நான்கெல்லையில். கிழக்கே தெரு, மேற்கே வாய்க்கால், தெற்கே பள்ளிக்கூடப் பாதை, வடக்கே ஊருணி என்று எழுதியிருக்கிறார்கள்.

வடக்கே ஊருணியா? விற்கிற மனைக்கு வடக்கே இருப்பது உங்கள் வீடு அல்லவா! ஊருணி வீட்டையும் தாண்டித்தானே இருக்கிறது? தாத்தா வாங்கிய மூலப் பத்திரத்தில் 8 சென்ட்டுக்கும் சேர்த்து எழுதிய எல்லையை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கைத்தவறாகவே இருக்கலாம். ஆனால் நாளை வழக்கு வந்தால், அளவும் எல்லையும் ஒத்துப்போகாதபோது பொதுவாக எல்லைக்குத்தான் கோர்ட்டில் வலு அதிகம். ஊருணி வரை எழுதிவிட்டால், நீங்கள் படுத்திருக்கும் வீட்டையும் சேர்த்து விற்றதாக ஒருவர் வாதாட இடம் கிடைத்துவிடும்.

அதனால் 'வடக்கே, எனக்குப் பாத்தியப்பட்ட மீதி மனையும் வீடும்' என்று மாற்றச் சொல்லுங்கள். நான்கு பக்கத்துக்கும் எத்தனை அடி என்ற அளவையும் எழுதச் சொல்லுங்கள். பதிவான பிறகு தவறு தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போடலாம்தான். ஆனால் அதற்கு வாங்கியவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வர மாட்டேன் என்றால் கோர்ட்டுக்குத்தான் நடக்க வேண்டும்.

இரண்டாவது வட்டம், பணம் பற்றிய வரியில். விலை 8 லட்சம். அட்வான்ஸாக 1 லட்சம் உங்கள் பேங்க் கணக்குக்கு வந்துவிட்டது. மீதி 7 லட்சம் வர வேண்டும். பத்திரத்திலோ 'கிரயத் தொகை முழுவதையும் இன்று ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்' என்று இருக்கிறது.

இந்த வரிக்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டால், பணம் வரவில்லை என்று பிறகு நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். இன்னொரு விஷயம்: பாக்கி வரவில்லை என்பதற்காகப் பதிவான கிரயம் தானாக ரத்தாகாது. இடம் அவருக்குப் போய்விடும். பாக்கியைக் கேட்டு வழக்குப் போடும் உரிமைதான் உங்களுக்கு மிஞ்சும்.

'ரொக்கம்' என்ற சொல்லும் வேண்டாம். நிலம் விற்கும்போது ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு.

7 லட்சத்துக்கும் உங்கள் பெயரில் டி.டி. எடுத்து வரச் சொல்லுங்கள். பின்தேதியிட்ட செக் வேண்டாம். அது திரும்பி வந்தால் அலைச்சல் உங்களுக்கு. அட்வான்ஸ் எந்தத் தேதியில் கணக்குக்கு வந்தது, டி.டி.யின் எண், தேதி, பேங்க் பெயர் எல்லாம் பத்திரத்திலேயே வர வேண்டும். டி.டி.யைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே கையெழுத்து.

சார்பதிவாளர் அலுவலகத்தில் "நீங்கதான் எழுதிக் கொடுக்கிறீங்களா? பணம் வந்துடுச்சா?" என்று கேட்டால், கூட வந்தவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். வரவில்லை என்றால் வரவில்லை என்றே சொல்லுங்கள். அங்கே வந்துவிட்டோமே என்பதற்காகக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

திருத்திய நகல் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புங்கள். ஊருணி என்ற வார்த்தை அதில் எங்காவது இருந்தால், பேனாவைத் தொடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பேத்தி