கம்பெனி என்னும் தனி ஆள்: நீதிமன்றம் திரையை விலக்குவது எப்போது?

ஒரு கம்பெனி பதிவான அன்றே சட்டத்தின் பார்வையில் புதிதாக ஓர் ஆள் பிறந்துவிடுகிறார். இந்தியாவின் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. அந்த நாளிலிருந்து கம்பெனி தன் பெயரில் சொத்து வாங்கலாம், ஒப்பந்தம் போடலாம், வழக்குத் தொடுக்கலாம். அதன்மீதும் வழக்குத் தொடுக்கலாம். பங்குதாரர்கள் மாறினாலும் இறந்தாலும் கம்பெனி இருந்துகொண்டே இருக்கும். இதற்குத் தனிச் சட்ட ஆளுமை என்று பெயர்.

பெயருக்குப் பின்னால் வரும் 'லிமிடெட்' என்ற சொல்லைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். கம்பெனியின் பொறுப்புக்கு வரம்பு எதுவும் கிடையாது. தன் கடன் முழுவதையும் தன் சொத்து முழுவதையும் கொண்டு அது அடைத்தே ஆக வேண்டும். வரம்பு இருப்பது பங்குதாரரின் பொறுப்புக்குத்தான். பத்து ரூபாய்ப் பங்குக்குப் பத்து ரூபாயும் கட்டி முடித்தவரிடம், கம்பெனி கோடிக்கணக்கில் கடன்பட்டு மூழ்கினாலும், மேற்கொண்டு ஒரு பைசா கேட்க முடியாது.

இந்தக் கொள்கை உறுதிப்பட்டது லண்டனில் செருப்பும் பூட்சும் தயாரித்து வந்த ஆரன் சாலமன் என்பவரின் வழக்கில். பல ஆண்டுகளாகச் சொந்தமாக நடத்திவந்த தொழிலை 1892இல் அவர் ஒரு கம்பெனியாக மாற்றினார். அன்றைய சட்டப்படி ஏழு உறுப்பினர்கள் வேண்டும். சாலமன், அவர் மனைவி, மகள், நான்கு மகன்கள் என்று ஏழு பேரும் குடும்பத்துக்குள்ளேயே அமைந்தார்கள். மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பங்கு. மீதி இருபதாயிரத்துச் சொச்சமும் சாலமன் கையில். தொழிலைக் கம்பெனிக்கு விற்றதற்கான விலையில் ஒரு பகுதியாக, 10,000 பவுண்டுக்குக் கடன் பத்திரங்களையும் அவர் பெற்றுக்கொண்டார். கம்பெனியின் சொத்துகளே அந்தப் பத்திரங்களுக்கு ஈடு. அதாவது கம்பெனியின் முதலாளியும் அவரே, அதற்கு அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவரும் அவரே.

தொழில் விரைவிலேயே நலிந்தது. கம்பெனியைக் காப்பாற்ற, கடன் பத்திரங்களை ஈடாகக் காட்டி பிராடரிப் என்பவரிடம் 5,000 பவுண்டு வாங்கிக் கம்பெனிக்குள் போட்டார் சாலமன். அதுவும் போதவில்லை, 1893இல் கம்பெனியைக் கலைக்க நேர்ந்தது. இருந்த சொத்தை விற்றதில் பிராடரிப்புக்குக் கொடுத்தது போக மிஞ்சியது ஏறத்தாழ 1,055 பவுண்டு. ஈடில்லாமல் சரக்குக் கொடுத்தவர்களுக்கும் பிறருக்கும் தர வேண்டியதோ 7,700 பவுண்டுக்கு மேல். மிஞ்சிய பணம் யாருக்கு? ஈடு பெற்ற கடன்காரருக்கே முதலிடம் என்பது விதி. அப்படியானால் அது சாலமனுக்கே போகும். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

கம்பெனியைக் கலைக்கும் பொறுப்பிலிருந்தவர் இதை ஏற்கவில்லை. கம்பெனி சாலமனின் நிழல்தான், ஆகவே அதன் கடனுக்கு அவரே பொறுப்பு என்று வாதாடினார். முதல் நீதிமன்றம் கம்பெனியைச் சாலமனின் முகவர் என்றது. மேல்முறையீட்டு மன்றம் அவருக்காகச் சொத்தை வைத்திருக்கும் அறங்காவலர் என்றது. சாலமன் இரண்டிலும் தோற்றார். ஆனால் பிரபுக்கள் அவை 1896இல் இரண்டு தீர்ப்புகளையும் தள்ளியது. சட்டம் ஏழு உறுப்பினர்கள் வேண்டும் என்கிறதே தவிர, அவர்களுக்குச் சம பங்கு இருக்க வேண்டும் என்றோ, ஒருவருக்கொருவர் அந்நியராக இருக்க வேண்டும் என்றோ சொல்லவில்லை. முறைப்படி பதிவானால் கம்பெனி வேறு, சாலமன் வேறு. சரக்குக் கொடுத்தவர்கள் ஒரு லிமிடெட் கம்பெனியோடு வியாபாரம் செய்கிறோம் என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள். ஈடு கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கடன்காரர்கள்மீது இரக்கம் வந்தாலும் தீர்ப்பு சரியானதுதான். சாலமன் யாரையும் ஏமாற்றவில்லை. கம்பெனியை நிறுத்தி வைக்கத் தன் பத்திரங்களையே அடகு வைத்தவர் அவர்.

கம்பெனி வேறு ஆள் என்பது முதலாளிக்கு எப்போதும் சாதகமாக அமைவதில்லை. வட அயர்லாந்தில் பண்ணை வைத்திருந்த மக்காரா என்பவர் தன் மரங்கள் முழுவதையும் ஒரு கம்பெனிக்கு விற்று, அதன் பங்குகளைப் பெற்றுக்கொண்டார். மரங்களுக்குக் காப்பீடு எடுத்தபோது மட்டும் தன் சொந்தப் பெயரில் எடுத்துவிட்டார். 1922இல் தீப்பிடித்து மரங்களில் பெரும்பகுதி எரிந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தன. 1925இல் பிரபுக்கள் அவையும் அவற்றின் பக்கமே நின்றது. எரிந்தது கம்பெனியின் மரம், அவருடையது அல்ல. எல்லாப் பங்கும் ஒருவர் கையிலேயே இருந்தாலும் கம்பெனியின் சொத்தில் ஒரு குச்சிகூட அவருக்குச் சொந்தமில்லை. கம்பெனி வாங்கிய வேனையோ கிடங்கையோ உரிமையாளர் தன் பெயரில் காப்பீடு செய்தால் இன்றும் இதே சிக்கல் வரக்கூடும்.

கம்பெனிக்கும் அதன் பின்னால் இருப்பவர்களுக்கும் நடுவே சட்டம் தொங்கவிட்டிருக்கும் இந்தப் பிரிவைத் திரை என்கிறார்கள். அந்தத் திரையை விலக்கி, பின்னால் நிற்பவரை நீதிமன்றம் நேரடியாகப் பிடிப்பதும் உண்டு. எப்போது என்பதுதான் கடினமான கேள்வி. கம்பெனி ஒரே ஆளுடையது என்பது போதாது. சாலமனின் கம்பெனியும் அப்படித்தான். கடன்காரர்களுக்கு நட்டம் என்பதும் போதாது, அங்கும் நட்டம்தான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் காலவரிசை: பொறுப்பு முதலில் வந்ததா, கம்பெனி முதலில் வந்ததா?

இங்கிலாந்தில் 1962இல் தீர்ப்பான ஜோன்ஸ் - லிப்மன் வழக்கில் இது பளிச்சென்று தெரிகிறது. லிப்மன் தன் வீட்டை 5,250 பவுண்டுக்கு ஜோன்ஸ் என்பவருக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். பிறகு மனம் மாறியது. ஒப்பந்தப்படி பத்திரம் எழுதிக்கொடுக்க நீதிமன்றம் கட்டாயப்படுத்தும் என்று அவருக்குத் தெரியும். எனவே தயாராக இருந்த ஒரு கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, வீட்டை அதன் பெயருக்கு மாற்றிவிட்டார். 'வீடு என்னிடம் இல்லை, கம்பெனியிடம் இருக்கிறது. கம்பெனி உங்களோடு ஒப்பந்தம் செய்யவில்லை' என்பது அவர் எடுத்த நிலை. நீதிமன்றம் அதை முகமூடி என்று கண்டு, லிப்மனும் கம்பெனியும் சேர்ந்து வீட்டை ஜோன்சுக்குக் கிரயம் செய்து தர உத்தரவிட்டது. ஒப்பந்தக் கடமை முதலில் இருந்தது. அதிலிருந்து தப்ப மட்டுமே கம்பெனி பிறகு வந்தது.

இதன் மறுபக்கத்தை 2013இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் ப்ரெஸ்ட் குடும்ப விவாகரத்து வழக்கில் காட்டியது. கணவரின் கட்டுப்பாட்டிலிருந்த கம்பெனிகளின் பெயரில் ஏழு வீடுகள் இருந்தன. மனைவிக்குச் சேர வேண்டிய தொகைக்காக அவற்றைப் பெற முடியுமா என்பது கேள்வி. திரையை விலக்க முடியாது என்றார் சம்ப்ஷன் பிரபு. மணவாழ்க்கை முறிவதற்கு நெடுநாள் முன்பே வீடுகள் கம்பெனிகளின் பெயருக்குப் போய்விட்டன. அப்போது தப்பிக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. ஆனாலும் மனைவி வெறுங்கையோடு போகவில்லை. வீடுகள் கணவரின் பணத்தில் வந்தவை என்பதால், கம்பெனிகள் அவற்றை அவருக்காக நம்பிக்கைச் சொத்தாகவே வைத்திருந்தன என்று நீதிமன்றம் முடிவு செய்தது. திரையைத் தொடாமலே வேலை முடிந்தது. சாதாரணச் சட்டவழி ஒன்று இருக்கும்போது திரையை விலக்கத் தேவையில்லை என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

இந்திய நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் சற்றுத் தாராளமாகவே நடந்துகொண்டிருக்கின்றன. குஜராத்தின் அசோசியேட்டட் ரப்பர் இண்டஸ்ட்ரி நிறுவனம் 4,50,000 ரூபாய் போட்டு இனார்கோ என்ற கம்பெனியின் பங்குகளை வாங்கியிருந்தது. அதில் வந்த ஈவுத்தொகை ஆண்டுதோறும் லாபக் கணக்கில் ஏறியது. லாபத்தைப் பொறுத்துத் தொழிலாளர்களுக்குப் போனஸ். 1968இல் அந்தப் பங்குகளை நிறுவனம் தானே முழுக்கச் சொந்தமாக வைத்திருந்த ஒரு துணைக் கம்பெனிக்கு மாற்றியது. ஈவுத்தொகை இப்போது துணைக் கம்பெனிக்குப் போனது. தாய்க் கம்பெனியின் லாபம் குறைந்தது, போனஸும் குறைந்தது. தொழிலாளர்கள் முதலில் தோற்றார்கள். 1985இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ.சின்னப்ப ரெட்டி துணைக் கம்பெனியின் கணக்கைப் பார்த்தார். இனார்கோ பங்குகளைத் தவிர அதற்கு வேறு சொத்து இல்லை, வேறு தொழில் இல்லை, ஈவுத்தொகையைத் தவிர வேறு வருமானமும் இல்லை. போனஸைக் குறைப்பதற்காகவே அது பிறந்தது என்று கண்டு, அந்த ஈவுத்தொகையையும் சேர்த்தே போனஸ் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். ஒரு கம்பெனி உண்மையானதா என்று அறிய இதைவிட எளிய சோதனை கிடைப்பது அரிது: அது இல்லாவிட்டால் யாருடைய எந்தப் பொறுப்பு கூடியிருக்கும் என்று கேட்டால் போதும்.

அதே ஆண்டில், எஸ்கார்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் திரை விலகும் இடங்களைப் பொதுவாகச் சொன்னது: சட்டமே விலக்கச் சொல்லும்போது, மோசடியைத் தடுக்க வேண்டியபோது, வரிச் சட்டத்தையோ நலச் சட்டத்தையோ ஏய்க்கும்போது, பல கம்பெனிகள் பிரிக்க முடியாதபடி ஒரே அமைப்பாகப் பின்னிக் கிடக்கும்போது. கடைசி வகை ஆபத்தானது. தாய்க் கம்பெனிக்கும் துணைக் கம்பெனிக்கும் தொடர்பு இருப்பது சாதாரணம்தானே. அதனால்தான் 2014இல் ஏர் இந்தியா கேன்டீன் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கையைச் சுருக்கியது. கேன்டீனை நடத்திய துணைக் கம்பெனியின் பங்குகள் முழுவதும் ஏர் இந்தியாவிடம் இருந்தன. அது மட்டுமே காரணமாக அதன் ஊழியர்களை ஏர் இந்தியாவின் ஊழியர்களாக்க முடியாது, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் போலி ஏற்பாடு என்பது தெளிவாக வேண்டும் என்றது.

சட்டமே விலக்கும் இடங்கள் சில உண்டு. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு தொழில் நடந்திருப்பது கம்பெனியைக் கலைக்கும்போது தெரியவந்தால், 339ஆம் பிரிவின்படி, தெரிந்தே அதில் பங்கெடுத்தவர்கள் வரம்பின்றிக் கடனுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். பொய்த் தகவல் கொடுத்துக் கம்பெனியைப் பதிவு செய்திருந்தால், உறுப்பினர்களின் பொறுப்புக்கு வரம்பில்லை என்று 7ஆம் பிரிவின்படி உத்தரவிடலாம். இவற்றோடு பலர் குழப்பிக்கொள்வது தனிநபர் உத்தரவாதத்தை. கம்பெனிக்கு வங்கி கடன் தரும்போது இயக்குநரிடம் உத்தரவாதக் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறது. கம்பெனி கட்டத் தவறினால் வங்கி அவர் வீட்டு வாசலுக்கு வருவது, திரை விலகியதால் அல்ல. அவரே போட்ட ஒப்பந்தத்தால்.

திரை விலகினாலும் கம்பெனி செத்துவிடுவதில்லை. அந்த ஒரு வழக்கில், அந்த ஒரு பொறுப்புக்காக மட்டுமே நீதிமன்றம் திரைக்குப் பின்னால் பார்க்கிறது. மற்ற எல்லாக் கடன்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் கம்பெனி முன்புபோலவே தனி ஆள்தான்.